பேஜ் அளவு 4 கேபியா, 128 கேபியா, 2 எம்பியா: ஒரு கணக்கு

கேள்வி: ஓஎஸ் பாடத்தில் பேஜ் அளவுக்கு p = √(2se) என்று படித்தோம். 1 எம்பி ப்ராசஸ், 8 பைட் என்ட்ரி என்றால் சரியாக 4 கேபி வருகிறது. 1 ஜிபி ப்ராசஸுக்குப் போட்டால் 128 கேபி வருகிறது. பிறகு ஏன் லினக்ஸ் இன்னும் 4 கேபியிலேயே நிற்கிறது? எங்கள் டேட்டாபேஸ் சர்வரில் (32 ஜிபி ரேம், போஸ்ட்கிரெஸ், shared_buffers 8 ஜிபி, 200 கனெக்‌ஷன்) ஹியூஜ் பேஜ் போட்டால் லாபமா, ரேம் வீணாகுமா?

பதில்:

உங்கள் பெருக்கலில் பிழை இல்லை. `s` என்ற இடத்தில் எதைப் போடுகிறீர்கள் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. அதைச் சரிசெய்தால் 4 கேபி ஏன் நிலைத்தது என்பதும், உங்கள் சர்வருக்கு 2 எம்பி ஹியூஜ் பேஜ் ஏன் பொருந்தும் என்பதும் அதே சூத்திரத்திலிருந்தே வந்துவிடும். முதலில் சூத்திரத்தைப் பிரித்துப் பார்ப்போம்.

பேஜ் அளவைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு இடங்களில் ரேம் செலவாகிறது. ஒன்று பேஜ் டேபிள். `s` பைட் நீளமுள்ள நினைவகத்தை `p` பைட் துண்டுகளாக வெட்டினால் s/p பேஜ்கள் கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் `e` பைட்டில் ஒரு என்ட்ரி வேண்டும். ஆக டேபிளுக்கு s·e/p பைட். பேஜ் பெரிதானால் இது குறையும். இன்னொன்று இன்டர்னல் ஃபிராக்மென்டேஷன், அதாவது கடைசிப் பேஜில் நிரம்பாமல் கிடக்கும் இடம். அந்தப் பேஜ் உங்களுக்கென்று ஒதுக்கப்பட்டுவிட்டது; மிச்சத்தை வேறு யாருக்கும் கொடுக்க முடியாது. பேஜ் பெரிதானால் இது கூடும்.

இந்த இரண்டாவது செலவைப் பாடப்புத்தகங்கள் p/2 என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விடும். அது எங்கிருந்து வருகிறது என்று ஒரு எண்ணை எடுத்துப் பார்க்கலாம். ஒரு டேட்டா பகுதி 10,50,000 பைட் என்று வையுங்கள். 4096-ஆல் வகுத்தால் 256 முழுப் பேஜ்கள். அவற்றில் 10,48,576 பைட் அடங்கிவிடும். மீதி 1,424 பைட்டுக்காக 257-ஆவது பேஜ் ஒன்று வேண்டும். அதில் 2,672 பைட் சும்மா கிடக்கும். இன்னொரு பகுதிக்கு இந்த மீதி 3,900 பைட்டாக இருக்கலாம், வேறொன்றுக்கு 12 பைட்டாக இருக்கலாம். பகுதிகளின் நீளம் பேஜ் அளவைப் பார்த்து அமைவதில்லை. அதனால் கடைசிப் பேஜ் எந்த அளவுக்கும் நிரம்பியிருக்கச் சம வாய்ப்பு உண்டு, சராசரியாகப் பாதி காலி. "1 எம்பி 4 கேபியால் மீதியின்றி வகுபடுகிறதே, அப்படியானால் விரயம் பூஜ்யம்தானே" என்று தேர்வில் பலர் எழுதுவது இந்தச் சராசரியை மறந்துவிடுவதால்தான். `s` என்பது ஒரு குறிப்பிட்ட ப்ராசஸின் நீளமல்ல, பல பகுதிகளின் சராசரி நீளம்.

இரண்டையும் கூட்டி, `p`-ஐப் பொறுத்து வகைக்கெழு எடுத்து, பூஜ்யத்துக்குச் சமமாக்கினால்:

```
f(p)  = s·e/p + p/2
f'(p) = -s·e/p² + 1/2 = 0
p     = √(2·s·e)
```

s = 2²⁰, e = 2³ என்று போட்டால் 2·s·e = 2²⁴, அதன் வர்க்கமூலம் 2¹² = 4096. விடை மட்டும் போதாது, அதன் இருபுறமும் என்ன நடக்கிறது என்பதுதான் முக்கியம். கீழே எல்லாம் பைட் கணக்கு:

```
p        s·e/p     p/2      f(p)
512      16384     256      16640
1024      8192     512       8704
2048      4096    1024       5120
4096      2048    2048       4096
8192      1024    4096       5120
16384      512    8192       8704
65536      128   32768      32896
```

மிகக் குறைந்த புள்ளியில் இரண்டு செலவும் சமமாக நிற்கின்றன. அது தற்செயலல்ல; p² = 2se என்றாலே s·e/p-யும் p/2-வும் ஒன்றுதான். கையால் போட்ட கணக்கு சரியா என்று பார்க்க இது நல்ல வழி: இரண்டு பகுதியும் சமமாக வராவிட்டால் எங்கோ தவறு, பெரும்பாலும் `e`-ஐ பிட்டில் போட்டிருப்பீர்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். பேஜை இரட்டிப்பாக்கினாலும் பாதியாக்கினாலும் மொத்தச் செலவு 4096-இலிருந்து 5120 ஆகிறது, வெறும் 25 சதவீதம்தான் கூடுகிறது. நான்கு மடங்கு விலகினால் இரண்டு மடங்குக்குச் சற்று அதிகம். பதினாறு மடங்கு விலகினால் எட்டு மடங்கு. அடிப்பகுதி அகலமான பள்ளம் இது. இரண்டு மடங்கு தள்ளி நின்றால் யாருக்கும் தெரியாது. முப்பது மடங்கு தள்ளி நின்றால் மெஷினே திணறும்.

இனி உங்கள் 1 ஜிபி ப்ராசஸுக்கு வருவோம். p/2 என்ற விரயம் ப்ராசஸுக்கு ஒருமுறை வருவதல்ல. தனித்தனியாகத் தொடங்கி முடியும் ஒவ்வொரு பகுதிக்கும் ஒருமுறை வருவது. நிரலின் கோடு ஒரு பகுதி, டேட்டா ஒரு பகுதி, ஹீப், ஒவ்வொரு த்ரெட்டுக்கும் ஒரு ஸ்டாக், ஏற்றப்பட்ட ஒவ்வொரு `.so` லைப்ரரிக்கும் நான்கைந்து பகுதிகள். படிக்க மட்டும், எழுத, இயக்க என்று அனுமதி மாறும் இடத்தில் புதுப் பேஜ் தொடங்கியே ஆக வேண்டும், ஏனென்றால் அனுமதி என்ட்ரியில்தான் எழுதப்படுகிறது. எத்தனை பகுதிகள் என்று எண்ணிப் பார்ப்பது எளிது:

```
wc -l /proc/<PID>/maps
```

பெரிய பயன்பாட்டு நிரல் எதையாவது எடுத்துப் பாருங்கள். சில நூறு வரிகள் வருவது சாதாரணம். பகுதிகளின் எண்ணிக்கையை `n` என்று வைத்தால் செலவு s·e/p + n·p/2 ஆகிவிடும். அதற்கான விடை:

```
p = √(2·s·e/n) = √(2·(s/n)·e)
```

s/n என்பது ஒரு பகுதியின் சராசரி நீளம். ஆகவே பேஜ் அளவைத் தீர்மானிப்பது ப்ராசஸ் எவ்வளவு பெரியது என்பதல்ல. அதன் ஒரு துண்டு சராசரியாக எவ்வளவு பெரியது என்பதே.

1 ஜிபி ப்ராசஸ், 256 வரிகள் என்று வைத்துக் கணக்கிடுவோம். 2·s·e = 2³⁴; அதை 2⁸-ஆல் வகுத்தால் 2²⁶; வர்க்கமூலம் 2¹³, அதாவது 8 கேபி. நீங்கள் கண்டுபிடித்த 128 கேபி எங்கே போயிற்று என்று மூன்று அளவுகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 4 கேபியில் டேபிள் 2 எம்பி, விரயம் 256 × 2 கேபி = அரை எம்பி; மொத்தம் 2.5 எம்பி. 8 கேபியில் 1 எம்பியும் 1 எம்பியும் சேர்ந்து 2 எம்பி. 128 கேபியில் டேபிள் 64 கேபியாகச் சுருங்குகிறது, ஆனால் விரயம் 256 × 64 கேபி = 16 எம்பி. 4 கேபியில் இருப்பதால் இழப்பது அரை எம்பி. 128-க்குப் போனால் இழப்பது 14 எம்பி. வரிகள் 1024 ஆனால் விடை துல்லியமாக 4 கேபிக்கே திரும்பிவிடும். இன்டெல் 80386-இல் 1985-இல் வந்த 4 கேபி இன்னும் நிலைத்திருப்பதன் ஒரு காரணம் இதுதான்: ப்ராசஸ்கள் பெருத்தபோது அவற்றின் துண்டுகளும் கூடவே பெருகின. இன்னொரு காரணம் பழைய நிரல்களோடு ஒத்துப்போக வேண்டிய கட்டாயம். பேஜ் அளவு 4 கேபி என்று நம்பிக் கட்டப்பட்ட நேட்டிவ் லைப்ரரிகள் பெரிய பேஜில் ஏறாமல் போகலாம். ஆண்ட்ராய்டு 15 முதல் 16 கேபி பேஜ் ஆதரிக்கப்படுவதால், செயலிகளின் `.so` கோப்புகளை 16 கேபி எல்லைக்கு மறுபடி கட்ட வேண்டியிருப்பது அதனால்தான்.

சூத்திரம் சொல்லாத ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். டேபிள் செலவு s·e/p என்பது டேபிள் ஒரே நீளத் துண்டாக, தேவையான அளவு மட்டும் இருப்பதாக எண்ணிய கணக்கு. உண்மையில் 48 பிட் முகவரிக்கு ஒற்றை அடுக்கில் டேபிள் போட்டால் 2³⁶ என்ட்ரி × 8 பைட் = 512 ஜிபி ஆகிவிடும். அதனால் எக்ஸ்86-64-இல் அது நான்கு அடுக்கு மரமாக இருக்கிறது. பயன்படும் கிளைகள் மட்டும் உருவாகும். ஆனால் அந்தக் கிளை ஒவ்வொன்றும் ஒரு முழுப் பேஜ்! 4 கேபிப் பேஜில் 512 என்ட்ரி அடங்கும். கடைசி அடுக்கின் ஒரு பேஜ் 2 எம்பி முகவரிப் பரப்பைக் கவனிக்கும். அந்த 2 எம்பிக்குள் உங்களுக்கு ஒரே ஒரு பேஜ்தான் தேவை என்றாலும் டேபிளின் முழு 4 கேபியும் செலவாகும். இன்டர்னல் ஃபிராக்மென்டேஷன் பேஜ் டேபிளுக்குள்ளேயே நுழைந்துவிடுகிறது.

இதன் விளைவு சிறிய ப்ராசஸ்களில் கண்கூடாகத் தெரியும். ஒன்றும் செய்யாமல் தூங்கும் ஒரு ப்ராசஸின் `VmPTE` மதிப்பை, அதாவது அதன் பேஜ் டேபிள் பிடித்திருக்கும் இடத்தை, பாருங்கள். அது தொட்டிருக்கும் நினைவகம் ஒன்றிரண்டு எம்பிதான். சூத்திரப்படி டேபிள் இரண்டு முதல் நான்கு கேபி ஆக வேண்டும். காட்டப்படுவதோ சில பத்து கேபி. கோடு ஒரு மூலையில், லைப்ரரிகள் இன்னொரு மூலையில், ஸ்டாக் வேறிடத்தில் என்று சிதறிக் கிடப்பதால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கிளை. பேஜைப் பெரிதாக்கினால் டேபிள் சுருங்கும் என்ற எதிர்பார்ப்பு இங்கே தலைகீழாகிவிடும். ஏஆர்எம்64-இல் 64 கேபிப் பேஜ் வைத்தால் டேபிளின் ஒரு கிளையும் 64 கேபி. அதில் 8192 என்ட்ரி, 512 எம்பி பரப்பு. சிதறிய நான்கு இடங்களுக்கு நான்கு கிளை என்றால் கடைசி அடுக்கிலேயே 256 கேபி போய்விடும், 4 கேபியில் அது 16 கேபிதான். ஆயிரம் சிறு ப்ராசஸ்கள் ஓடும் மெஷினில் பெரிய பேஜ் என்பது இரண்டு பக்கமும் நஷ்டம்.

64 கேபியில் அடி வாங்கும் இன்னொரு இடம் ஃபைல் கேஷ். கர்னல் கோப்புகளைப் பேஜ் பேஜாகத்தான் ரேமில் வைத்திருக்கும். 10 கேபி கோப்புகள் 50,000 இருப்பதாக வையுங்கள். 4 கேபியில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பேஜ், 12 கேபி. மொத்தம் சுமார் 586 எம்பி. 64 கேபியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பேஜ். மொத்தம் சுமார் 3.05 ஜிபி. கோப்பு ஒன்றுக்கு விரயம் 54 கேபி, p/2 சொல்லும் 32 கேபி அல்ல. பகுதியின் நீளம் பேஜைவிடச் சிறிதாகிவிட்டால் "சராசரியாகப் பாதி" என்ற அனுமானமே உடைந்துவிடும். அப்போது விரயம் p − s. சூத்திரத்தை எங்கே நம்பக்கூடாது என்பதற்கு இதுவே எல்லைக்கோடு. ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 8 ஏஆர்எம்64-இல் 64 கேபியோடு வந்தது. 9-ஆம் பதிப்பில் இயல்பாக 4 கேபிக்குத் திரும்பி, 64 கேபி கர்னலை வேண்டியவர்களுக்குத் தனியாகக் கொடுத்தார்கள். வேலையின் வகை பார்த்துத் தேர்ந்தெடுக்க விடுவதுதான் சரியான முடிவு என்பேன்.

இப்போது உங்கள் சர்வர். இங்கே நிலைமை நேர் எதிர். shared_buffers என்பது 8 ஜிபி நீளமுள்ள ஒரே துண்டு; n = 1. அதோடு போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் ஒரு தனி ப்ராசஸைத் தொடங்குகிறது. 200 ப்ராசஸ்களும் அதே 8 ஜிபியைத்தான் பார்க்கின்றன, ஆனால் ஒவ்வொன்றும் தன் சொந்தப் பேஜ் டேபிள் வழியாகப் பார்க்கிறது. டேட்டா ஒன்று, டேபிள் இருநூறு. கடைசிப் பேஜின் விரயம் ஒருமுறை. என்ட்ரிகளின் செலவு இருநூறு முறை. பார்க்கும் ப்ராசஸ்களின் எண்ணிக்கையை `k` என்றால்:

```
f(p) = k·s·e/p + p/2
p    = √(2·k·s·e)
```

k = 200, s = 2³³, e = 8. உள்ளே இருப்பது 200 × 2³⁷, அதாவது 25 × 2⁴⁰. வர்க்கமூலம் 5 × 2²⁰, மிகச் சரியாக 5 எம்பி. ஹார்டுவேர் 5 எம்பிப் பேஜ் தராது. எக்ஸ்86-64-இல் ஒரு அடுக்கு 9 பிட்டைத் தீர்ப்பதால் 4 கேபிக்கு அடுத்த படி 2 எம்பி, அதற்கடுத்த படி 1 ஜிபி. இடையில் எதுவும் இல்லை. மூன்றையும் போட்டுப் பார்ப்போம்.

4 கேபியில் 8 ஜிபிக்கு 20,97,152 என்ட்ரி. ஒரு ப்ராசஸுக்கு 16 எம்பி. இருநூற்றுக்கு 3,200 எம்பி, அதாவது 3.125 ஜிபி. உங்கள் 32 ஜிபியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வெறும் முகவரிக் குறிப்புகளுக்கே போகிறது. 2 எம்பியில் 4,096 என்ட்ரி. ப்ராசஸுக்கு 32 கேபி, மொத்தம் 6.25 எம்பி. கடைசிப் பேஜின் சராசரி விரயம் 1 எம்பி. ஆக 7.25 எம்பி. கிடைக்காத 5 எம்பிப் பேஜ் கிடைத்திருந்தாலும் 5 எம்பி செலவாகியிருக்கும். வித்தியாசம் இரண்டேகால் எம்பிதான். 1 ஜிபியில் என்ட்ரிச் செலவு இல்லாத மாதிரிதான், ஆனால் போஸ்ட்கிரெஸ் கேட்கும் மொத்தப் பகிர்நினைவகம் shared_buffers-ஐவிடச் சற்று அதிகம். பஃபர் விவரங்கள், லாக் டேபிள் எல்லாம் அதில் சேரும். அந்தக் கூடுதல் 150 எம்பி என்றாலும் ஒன்பதாவது ஜிபிப் பேஜ் ஒன்று வேண்டும், அதில் 870 எம்பிக்கு மேல் காலி. ஆக உங்களுக்கு 2 எம்பி.

ஒரு விஷயம் பலரைக் குழப்பும். சர்வரைத் தொடங்கியதும் இந்த 3 ஜிபி தெரியாது. ஒரு ப்ராசஸ் ஒரு பேஜை முதன்முதலில் தொடும்போதுதான் அதன் என்ட்ரி எழுதப்படுகிறது. புதுக் கனெக்‌ஷன் சில நூறு கேபி டேபிளோடு தொடங்கும். மணிக்கணக்காக ஓடி shared_buffers முழுவதையும் துழாவிய பின் 16 எம்பியை எட்டும். அதனால் காலையில் நன்றாக இருந்த மெஷின், கனெக்‌ஷன் பூலில் நெடுநேரம் உயிரோடிருக்கும் ப்ராசஸ்கள் சேரச் சேர மாலையில் ரேம் இல்லாமல் தவிக்கும். ஓஓஎம் கில்லர் வந்து போஸ்ட்கிரெஸைக் கொல்லும். `top`-இல் எந்த ப்ராசஸும் கூடுதலாகத் தின்றதாகத் தெரியாது, ஏனென்றால் ப்ராசஸ் பிடித்திருக்கும் ரேமைக் காட்டும் ஆர்எஸ்எஸ் எண்ணில் பேஜ் டேபிள் சேர்வதில்லை. இதைப் பிடிக்கப் பார்க்க வேண்டிய இரண்டு இடங்கள்:

```
grep PageTables /proc/meminfo
grep VmPTE /proc/<PID>/status
```

முதலாவது மெஷின் முழுவதற்கும், இரண்டாவது ஒரு ப்ராசஸுக்கு. `PageTables` ஜிபி கணக்கில் நின்றால், பழைய கனெக்‌ஷன்களின் `VmPTE` 16,000 கேபியை ஒட்டியிருந்தால், இதுதான் நோய்.

மருந்து எளிது, ஆனால் வரிசை முக்கியம். போஸ்ட்கிரெஸ் 15 முதல் எத்தனை ஹியூஜ் பேஜ் வேண்டும் என்று அதையே கேட்கலாம்:

```
SHOW shared_memory_size_in_huge_pages;
```

8 ஜிபி shared_buffers-க்கு 4096-ஐவிடச் சற்றுக் கூடுதலான எண் வரும். `/etc/sysctl.d/99-hugepages.conf` கோப்பில் `vm.nr_hugepages` என்பதற்கு அந்த எண்ணைக் கொடுத்து மெஷினை ரீபூட் செய்யுங்கள். ஓடும் மெஷினிலேயே `sysctl -w` என்று கேட்டால், தொடர்ச்சியான 2 எம்பித் துண்டுகள் சிதறிப்போயிருப்பதால் கேட்டதைவிடக் குறைவாகவே கிடைக்கலாம்; கர்னல் அதைப் பிழையாகச் சொல்லாது, கிடைத்தவரை எடுத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடும்.

இதற்கடுத்தது `huge_pages` அமைப்பு. இயல்பாக அது `try` என்றிருக்கும். ஹியூஜ் பேஜ் பத்து குறைந்தாலும் போஸ்ட்கிரெஸ் எந்தச் சத்தமும் இல்லாமல் 4 கேபிக்குத் திரும்பிவிடும். விளைவு ரேமை ஒதுக்காமல் இருந்ததைவிட மோசம். ஒதுக்கிய 8 ஜிபி ஹியூஜ் பேஜ்களைச் சாதாரண நினைவகமாக வேறு யாரும் பயன்படுத்த முடியாது, அது காலியாகக் கிடக்கும். போஸ்ட்கிரெஸோ இன்னொரு 8 ஜிபியைச் சாதாரண ரேமிலிருந்து எடுக்கும். 32 ஜிபியில் பாதி போயிற்று, அதன் மேல் 3 ஜிபி டேபிளும் அப்படியே. இதனால்தான் `on` என்று வையுங்கள் என்கிறேன். அப்போது பேஜ் போதவில்லை என்றால் சர்வர் தொடங்கவே மறுக்கும். தொடங்காத சர்வரை உடனே சரிசெய்துவிடலாம். நள்ளிரவில் ரேம் தீர்ந்து விழும் சர்வரை அப்படிச் சரிசெய்ய முடியாது.

"டிரான்ஸ்பரன்ட் ஹியூஜ் பேஜை `always` என்று வைத்தால் இவ்வளவு வேலை தேவையில்லையே" என்று கேட்பீர்கள். கர்னல் தானாகவே 2 எம்பிப் பேஜ் தரும் வசதி அது; இயல்பாக ஹீப், ஸ்டாக் போன்ற தனி நினைவகத்துக்கு மட்டும். பகிர்நினைவகத்துக்குத் தனிச் சுவிட்ச், அது வழக்கமாக அணைந்தே இருக்கும். அதைவிட, `always` உங்கள் விரயக் கணக்கைக் கையைவிட்டுப் போகச் செய்யும். சிறு பேஜ்களைச் சேர்த்து 2 எம்பியாக்கும் கர்னல் த்ரெட்டின் `max_ptes_none` இயல்பு மதிப்பு 511. அதாவது 512 இடங்களில் 511 காலியாக இருந்தாலும், ஒன்றே ஒன்று பயன்பட்டிருந்தால்கூட, அதை முழு 2 எம்பிப் பேஜாக மாற்றச் சம்மதம். 4 கேபி டேட்டாவுக்கு 2,044 கேபி விரயம். சிதறலாக நினைவகம் ஒதுக்கும் நிரல்களின் ஆர்எஸ்எஸ் காரணமே தெரியாமல் வீங்குவது இப்படித்தான். எந்தப் பகுதி பெரியது என்று தெரிந்த நிரல் மட்டும் தானே கேட்டுப் பெறும்படி `madvise` என்று வைப்பது பாதுகாப்பு.

ரேம் மிச்சம் மட்டும்தான் லாபமா என்றால், இல்லை. முகவரி மாற்றங்களை சிபியு நினைவில் வைத்துக்கொள்ளும் டிஎல்பி பக்கமும் இருக்கிறது. இன்டெல் ஸ்கைலேக்கின் இரண்டாம் அடுக்கு டிஎல்பியில் 1,536 இடங்கள். 4 கேபி என்றால் அவை 6 எம்பி பரப்பைத்தான் நினைவில் வைத்திருக்கும். 2 எம்பி என்றால் 3 ஜிபி. 8 ஜிபி பஃபரில் அங்கும் இங்கும் தாவும் குவெரிக்கு இது பெரிய வித்தியாசம். √(2se) இதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. எடுத்திருந்தால் விடை இன்னும் பெரிய பேஜ் பக்கம்தான் நகர்ந்திருக்கும், ஆகவே உங்கள் முடிவு மாறாது.

ரீபூட் செய்து போஸ்ட்கிரெஸைத் தொடங்கியபின் இதைப் பாருங்கள்:

```
grep HugePages_ /proc/meminfo
```

`HugePages_Free`-யும் `HugePages_Total`-உம் ஒன்றாகவும் `HugePages_Rsvd` பூஜ்யமாகவும் இருந்தால், ஒதுக்கியதை யாரும் எடுக்கவில்லை என்று பொருள். சரியாக அமைந்திருந்தால் தொடக்கத்தில் `Rsvd` பெரிதாக இருந்து, டேட்டா ஏற ஏற `Free`-யும் `Rsvd`-யும் சேர்ந்தே குறையும். `Free`-யிலிருந்து `Rsvd`-ஐக் கழித்தால் வருவது தேவைக்கு மேல் ஒதுக்கியது. அது நூறு என்று வந்தால் 200 எம்பி வீண். அந்த நூறை `vm.nr_hugepages`-இலிருந்து குறைத்துவிடுங்கள். பின்னால் shared_buffers-ஐயோ max_connections-ஐயோ கூட்டினால் தேவையான ஹியூஜ் பேஜ் எண்ணும் கூடும். ஓடும் சர்வரில் `SHOW` பழைய எண்ணையே காட்டும் என்பதால், சர்வரை நிறுத்திவிட்டு `postgres -D $PGDATA -C shared_memory_size_in_huge_pages` என்று கேட்டு, ஒதுக்கீட்டை முதலில் உயர்த்திவிட்டுப் பிறகுதான் சர்வரைத் தொடங்க வேண்டும்.